'மேலும்' என்பதற்கு முன்னால் நிற்கும் அந்த ஒரு வரி

வளர்மதி, கும்பகோணம் · செவ்வாய், காலை 6.40

வணக்கம். இன்ஸ்டாகிராமில் நான் போட்ட ஒரு படத்தையும் அதன் கீழே எழுதிய குறிப்பையும் பற்றி உங்கள் கருத்து வேண்டும்.

படத்தில் ஒன்றுமில்லை, வெறும் தரை. எங்கள் வீட்டுக் கிழக்கு அறையின் சிவப்புச் சிமெண்ட் தரையில், ஜன்னலை ஒட்டி, நான்கு வெளிறிய தடங்கள் தெரியும். அம்மாவின் தையல் மெஷின் முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற இடம் அது. முழங்கால் தேய்ந்துவிட்டதால் இனி பெடல் மிதிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போன மாதம் விற்றோம். அதைப் பற்றி நீளமாக எழுதினேன். 2,200 எழுத்துக்குறிதான் எல்லை, எனக்கு 1,600 வரை வந்தது. மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டேன். "அருமை", "படம் அழகு" என்று சிலர் எழுதினார்கள். பழைய தோழி ஒருத்தி "வீடு விற்பனைக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் புரிந்தது, யாரும் 'மேலும்' என்பதைத் தொடவே இல்லை. மனம் தாங்காமல் அன்று மாலையே பதிவை நீக்கிவிட்டேன்.

வெளியே தெரிந்தது இவ்வளவுதான்:

"அனைவருக்கும் இனிய காலை வணக்கம். வெகு நாட்களாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்த ஒன்றை இன்று கனத்த மனதோடு உங்களுடன்…"

இந்த வரியை என்ன செய்வது?

கணேசன், ராஜபாளையம் · செவ்வாய், காலை 7.25

எளிய வழி இருக்கிறது, சகோதரி. கேள்வியில் தொடங்குங்கள். "இந்த நான்கு தடங்களுக்குப் பின்னால் இருக்கும் கதை உங்களுக்குத் தெரியுமா?" என்று போடுங்கள். விடை தெரியாமல் மனிதர்களால் இருக்க முடியாது, தொட்டே தீர்வார்கள். ஒரு கண் மருத்துவமனையின் பக்கத்தை நான்கு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கேள்வி போட்ட பதிவுகள்தான் அதிகம் திறக்கப்படுகின்றன.

வணக்கத்தை எடுத்துவிடுங்கள். வெளியே தெரிவது பொதுவாக 125 எழுத்துக்குறி அளவுதான். அதில் கால் பங்கை வணக்கமே தின்றுவிடுகிறது.

ஜெயந்தி பலகாரக் கடை · செவ்வாய், காலை 8.02

எனக்கும் இதே சிக்கல்தான் அக்கா. முறுக்கு, அதிரசம் படம் போட்டு விலை, எடை, அனுப்பும் நாள் எல்லாம் எழுதுகிறேன். யாரும் திறந்து பார்க்காமல் "விலை என்ன?" என்று கீழே கேட்கிறார்கள். ஹேஷ்டேக்குகளை மேலே வைக்க வேண்டுமா, கீழே வைக்க வேண்டுமா?

கோதண்டம் · செவ்வாய், காலை 9.15

வார இதழ் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். படக்குறிப்பு எழுதுவதுதான் முதல் பத்தாண்டுகள் என் வேலை. அங்கே படத்துக்குக் கீழே இரண்டு வரிக்குத்தான் இடம், மிஞ்சியது பத்தாம் பக்கம் போய்விடும். ஆகவே இந்த நோவு எனக்குப் பழக்கம்.

முதலில் ஜெயந்திக்கு. அம்மா, உங்கள் விஷயம் வேறு. வாங்க வந்தவருக்கு விலையும் நாளும்தான் முதல் வரி. "அதிரசம் கிலோ இவ்வளவு, வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம்" என்று தொடங்குங்கள். ஹேஷ்டேக்குகள் கடைசியில் இருக்கட்டும். மேலே வைத்தால் தெரிகிற இடத்தை அவை அடைத்துக்கொள்ளும்.

வளர்மதி, உங்கள் முதல் வரியில் மூன்று பேர் நிற்கிறார்கள். வணக்கம் சொல்கிறவர் ஒருவர். எழுதப்போவதாக அறிவிக்கிறவர் ஒருவர். மனம் கனத்திருப்பதாகச் சொல்கிறவர் ஒருவர். மெஷின் மட்டும் இல்லை, அம்மாவும் இல்லை.

வணக்கத்தில் தொடங்குவது நம் கடிதப் பழக்கம். "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டுத்தான் செய்திக்கு வருவோம். கடிதத்தை உறை கிழித்து எடுத்தவர் எப்படியும் முழுதும் படிப்பார், அங்கே அது பொருந்தும். இங்கே உறையின் மேலேயே எழுதுகிறீர்கள். உள்ளே இருப்பதைப் படிப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

"கனத்த மனதோடு" என்பது உணர்ச்சியின் பெயர்ப்பலகை. தேநீர்க் கடையின் பலகையைப் பார்த்தால் நாக்கில் தேநீர் இறங்குவதில்லை. உங்களுக்கு எந்த நொடியில் மனம் கனத்ததோ அந்த நொடியில் கண்ணில் பட்ட பொருள் எது? அது வரியில் இருந்தால் கனம் தானே வந்து சேரும்.

கணேசன் வணக்கத்தைப் பற்றிச் சொன்னது சரி. கேள்வியைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி. கண் மருத்துவமனைப் பக்கத்தில் "இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா?" என்று கேட்டால் படிப்பவர் தன்னைப் பற்றி யோசிக்கிறார். அது அவருடைய கேள்வி. "இந்தத் தடங்களின் கதை தெரியுமா?" என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அதில் ஆவலைக் கிளறும் முயற்சி இருக்கிறது, துக்கம் இல்லை. திறந்து பார்த்தவர்கூட புதிருக்கு விடை தேடும் மனத்தோடு வருவார். அந்த மனத்தோடு அம்மாவைச் சந்திக்கக் கூடாது.

வளர்மதி, கும்பகோணம் · செவ்வாய், பிற்பகல் 1.30

ஐயா, "உறையின் மேலேயே எழுதுகிறீர்கள்" என்றது மனத்தில் தைத்தது. மாற்றி எழுதினேன்:

"முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கிழக்கு அறையில் ஜன்னலை ஒட்டி அம்மா உட்கார்ந்து தைத்து, எங்கள் மூவரையும் படிக்கவைத்த தையல் மெஷினை போன மாதம் காயலான் கடைக்கு விற்றுவிட்டோம்."

வணக்கம் இல்லை, கனத்த மனம் இல்லை, அம்மாவும் மெஷினும் வந்துவிட்டார்கள். சரியா?

கணேசன், ராஜபாளையம் · செவ்வாய், பிற்பகல் 1.52

எண்ணிப் பார்த்தேன், சகோதரி. "மெஷினை" என்பதோடு 122 ஆகிவிடுகிறது. "போன மாதம்" தொடங்குவதற்குள் வரி அறுந்துவிடும்.

கோதண்டம் · செவ்வாய், பிற்பகல் 2.40

கணேசன் எண்ணியதில்தான் விஷயம் இருக்கிறது. அறுந்த பிறகு என்ன நிற்கிறது என்று வாய்விட்டுப் படியுங்கள். "…எங்கள் மூவரையும் படிக்கவைத்த தையல் மெஷினை". மெஷினை என்ன செய்தீர்கள்? விற்றீர்களா, கோயிலுக்குக் கொடுத்தீர்களா, தொலைத்ததைக் கண்டுபிடித்தீர்களா? வினைச்சொல் திரைக்குப் பின்னால் இருக்கிறது.

இது தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே உள்ள சிக்கல். நம் வாக்கியத்தில் யார், எப்போது, எங்கே, எதை என்று எல்லாம் முன்னால் வந்து, என்ன நடந்தது என்பது கடைசியில்தான் வரும். அச்சில் அது அழகு, ஒரு மூச்சில் படித்துக் கடைசியில் இறங்கலாம். இங்கே அந்த இறங்கும் படியைத்தான் வெட்டிவிடுகிறார்கள். "தைத்து", "படிக்கவைத்த" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் பாரம் ஏறுமே தவிர வண்டி நகராது.

ஆகவே முதல் வாக்கியம் வினையோடு முடிந்து, முற்றுப்புள்ளியும் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கும்படி சிறிதாக இருக்க வேண்டும். ஏழு சொற்களுக்குள் வந்தால் நல்லது. முப்பத்தெட்டு ஆண்டு, கிழக்கு அறை, மூவர் படிப்பு எல்லாம் உள்ளே போய் ஆற அமர உட்காரட்டும்.

வினையை முன்னால் இழுத்து "விற்றுவிட்டோம் அம்மாவின் மெஷினை" என்றும் எழுதலாம். ஆனால் அந்த முறை மேடைப் பேச்சின் வாடை அடிக்கும், எப்போதாவது ஒருமுறைதான் தாங்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

அன்பு, அரியலூர் · செவ்வாய், மாலை 4.10

வினை கடைசியில் வருவதால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகள் ஆகியும் அது உறுத்துகிறது.

அப்பா மஸ்கட்டில் இருந்து வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பினார். உடன் வேலை பார்த்தவர்கள் வழியனுப்பு விழாவில் மாலை போட்டுப் படம் எடுத்திருந்தார்கள். அப்பா தனியாக, ரோஜா மாலையோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் படம். மகிழ்ச்சி தாங்காமல் அதைப் போட்டு நான் எழுதியது:

"பதினெட்டு ஆண்டுகள் மஸ்கட்டில் உழைத்து, வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் எங்களோடு இருந்த எங்கள் அப்பா இனி எங்களை விட்டு எங்கும் போக மாட்டார்."

என் கைப்பேசியில் சரியாகத்தான் தெரிந்தது. சித்தப்பாவின் கைப்பேசியில் "அப்பா இனி எங்களை விட்டு…" என்பதோடு நின்றுவிட்டது. மாலை போட்ட படம் வேறு. பத்து நிமிடத்தில் ஏழு பேர் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதிவிட்டார்கள். அத்தை அழுதுகொண்டே தொலைபேசியில் அழைத்தார். அப்பாதான் எடுத்தார். அத்தைக்குப் பேச்சே வரவில்லை.

அப்பா சிரித்துவிட்டார். என்னால் இன்றுவரை முடியவில்லை.

கோதண்டம் · செவ்வாய், மாலை 4.45

அன்பு, நெஞ்சு பதறுகிறது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. "இல்லை", "மாட்டார்", "வேண்டாம்" என்று மறுப்பை எல்லாம் நாம் வாக்கியத்தின் வாலில்தான் கட்டுகிறோம். வால் அறுந்தால் பொருளே தலைகீழாகிவிடும். மறுப்பு வருகிற வாக்கியத்தை முதல் வரியில் வைத்தால் அது பாதி அளவில் முடிந்துவிட வேண்டும்.

உங்களுடையது "அப்பா வந்துவிட்டார், இந்த முறை திரும்பிப் போவதற்கு டிக்கெட் இல்லை" என்று இருந்திருக்கலாம். "வந்துவிட்டார்" முதலிலேயே வந்துவிடும், மாலை வரவேற்பு மாலையாகிவிடும்.

கணேசன், ராஜபாளையம் · செவ்வாய், மாலை 5.20

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இப்போது பார்த்துவிட்டேன். அன்பு எழுதியதில் "விட்டு" வரை நாம் பள்ளியில் எண்ணுகிற கணக்கில் எழுத்துகள் 61. இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்தால் 76. கணினி எண்ணும்போது 116 வருகிறது. "அப்பா" நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. புள்ளியையும் கால், கொம்பு போன்றவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே 125 என்று படித்துவிட்டு 125 தமிழ் எழுத்து என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். பதினைந்து சொற்களுக்குள் தீர்ந்துவிடுகிறது.

அதுவும் உறுதியில்லை. எழுத்தின் அளவைப் பெரிதாக வைத்திருக்கும் கைப்பேசியில் முன்னதாகவே அறுந்துவிடும். குறிப்புக்கு முன்னால் வருகிற கணக்குப் பெயரும் அதே வரியில் இடம் பிடிக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருவரின் கைப்பேசியில், அவருடைய கணக்கிலிருந்து பார்ப்பதுதான் நல்ல சோதனை.

கேள்வி பற்றி கோதண்டம் ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முழுவதும் இல்லை. அம்மாவே கேட்ட கேள்வி ஏதாவது இருந்தால் அது வேறு மாதிரி வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

நிலாமுற்றம் · செவ்வாய், இரவு 8.30

எனக்கு இந்தப் பேச்சே சங்கடமாக இருக்கிறது. மூன்று இரவு விழித்து எழுதியதை ஒரு பொத்தானுக்காக வெட்டி ஒட்டுவதா? படிக்கிறவர் படிப்பார். மெல்லத் தொடங்கி மெல்லச் சேரும் எழுத்துக்கு ஓர் அழகு உண்டு. எல்லாரும் முதல் வரியிலேயே நெஞ்சைத் திறந்து காட்ட ஆரம்பித்தால், தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் அழுகிற மாதிரி ஆகிவிடும்.

ஆனாலும் வளர்மதி, உங்கள் எழுத்தைப் படிக்க ஆசையாக இருக்கிறது. உள்ளே இருப்பதையும் இங்கே போடுங்களேன்.

வளர்மதி, கும்பகோணம் · செவ்வாய், இரவு 9.50

முழுவதும் நீளம். நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் கொஞ்சம்:

"காயலான் கடைக்காரர் காலை பத்து மணிக்கு வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்க்கவில்லை. ஸ்குரூவைக் கழற்றி, தலையைத் தனியாகவும் ஸ்டாண்டைத் தனியாகவும் தராசில் தொங்கவிட்டார். இரண்டும் சேர்ந்து 34 கிலோ. பணத்தை என்னிடம்தான் நீட்டினார். அம்மாவுக்கு நீட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அம்மா பாபின் டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார்…

வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். அம்மா அதே ஜன்னலோரம், அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றுமில்லை. வலது கால் மட்டும் தரையில் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது."

நிலாமுற்றம் · செவ்வாய், இரவு 10.05

அந்தக் கால்! வளர்மதி, அதுதான். சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், அதை முதல் வரியில் வையுங்கள். "மெஷின் போன பிறகும் அம்மாவின் கால் மிதித்துக்கொண்டிருந்தது." இதற்குமேல் யார் திறக்காமல் இருப்பார்கள்?

கணேசன், ராஜபாளையம் · செவ்வாய், இரவு 10.12

58 குறிதான். எல்லாக் கைப்பேசியிலும் நிற்கும். என் வாக்கும் இதற்கே.

கோதண்டம் · புதன், காலை 6.20

நல்ல வரி, மறுக்கவில்லை. நேற்று இரவு அதைப் படித்துவிட்டு என் அக்காவை நினைத்துக்கொண்டேன், அவரும் தைத்தவர். ஆனால் அந்தக் காலை எடுத்து வாசலில் வைத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கும்?

வளர்மதியின் எழுத்து அந்தக் காலை நோக்கித்தான் நடந்து போகிறது. கடைக்காரர் வருகிறார், எடை போடுகிறார், பணம் தவறான கைக்குப் போகிறது, வண்டி திரும்புகிறது, பிறகு வெறும் தரையில் கால் அசைகிறது. இத்தனையும் பார்த்துவிட்டு வந்தவருக்குத்தான் அந்த அசைவு முழுதாகத் தெரியும். முதலிலேயே காட்டிவிட்டால் படிப்பவர் கடைசியில் "ஆமாம், தெரியுமே" என்று வந்து நிற்பார். திறக்க வைத்துவிட்டோம், வந்தவருக்குக் கொடுக்க ஒன்றும் மீதியில்லை என்று ஆகிவிடும்.

முதல் வரியில் வர வேண்டியது அதே துக்கத்தின் சிறிய துண்டு. உச்சியை அங்கே செலவழிக்கக் கூடாது. உங்கள் எழுத்தின் நடுப்பகுதியில் தேடுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். எழுதுகிறவர் தொடக்கத்தில் தயங்குவார், முடிவில் முயற்சி செய்வார். நடுவில்தான் தன்னை மறந்து பார்த்ததைச் சொல்லியிருப்பார்.

படத்தையும் மறந்துவிடக் கூடாது. நான்கு தடம் கண்ணுக்குத் தெரிகிறது. வரியும் "நான்கு தடங்கள்" என்றால் ஒரே செய்தி இரண்டு முறை. எங்கே போனது, எப்படிப் போனது என்று படம் சொல்ல முடியாததை வரி சொல்லட்டும்.

நிலாமுற்றம் · புதன், காலை 7.45

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முடிவு தெரிந்தும் மறுபடி மறுபடி கேட்கிற கதைகள் நம்மிடம் எத்தனை? கூத்தில் முடிவு ஊருக்கே தெரியும், விடியும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கால் முதலில் வந்தால், "ஏன் அப்படி" என்று அறியத்தான் உள்ளே போவேன். கடைசியில் மறுபடி அந்தக் கால் வரும்போது முதலில் பார்த்ததைவிடக் கூடுதலாக வலிக்கும்.

கோதண்டம் · புதன், காலை 8.10

கூத்து என்றால் சரி. ஆனால் அப்படிச் செய்வதென்றால் கடைசிப் பத்தியை மாற்றி எழுத வேண்டும். இரண்டாம் முறை வரும் காலில் முதல் முறை காணாத ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். பெடல் இருந்த உயரத்திலேயே அசைந்ததா, நின்றுபோனதா, யார் நிறுத்தினார் என்று ஏதாவது. முதல் வரியை மட்டும் தூக்கி மேலே ஒட்டிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் இரண்டு இடத்திலும் பாதிப் பாதிதான் இருக்கும். பலரும் அப்படித்தான் விடுகிறார்கள்.

ஜெயந்தி பலகாரக் கடை · புதன், முற்பகல் 11.30

நேற்று என் கேள்வியை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. விலையை முதலில் வைத்தேன். இன்று காலையில் யாரும் விலை கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. எனக்கு அந்தக் கால் வலித்தது, ஆனால் அதைவிட அந்தத் தராசு வலித்தது. நாள் முழுவதும் தராசில் நிற்கிறவள் நான். எதை எடைபோடுவோம், எதை எண்ணிக்கையாகக் கொடுப்போம் என்று எங்களுக்குத் தெரியும். அதிரசத்தை எண்ணிக் கொடுப்பேன், உடைந்து தூளானதைத்தான் எடைபோட்டுக் கொடுப்பேன். ஓடுகிற மெஷினை எடைபோட்டு வாங்கினார் என்றால், அது மெஷின் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று பொருள்.

"அம்மாவின் மெஷின் 34 கிலோ இருந்தது." இப்படித் தொடங்கலாமா?

கோதண்டம் · புதன், பிற்பகல் 12.15

ஜெயந்தி, நான் மூன்று முறை படித்தும் இதைத் தாண்டிப் போய்விட்டேன். நீங்கள்தான் கண்டெடுத்தீர்கள்.

இடம் இதுதான், ஆனால் அந்த வரி இன்னும் வரவில்லை. "34 கிலோ இருந்தது" என்று மட்டும் சொன்னால் கனமான மெஷின் போல என்று நினைப்பார்கள். யாரோ எடை போட்டார் என்பதே அதில் இல்லை. உங்களுக்குத் தராசு தெரிந்ததால் அந்த எண்ணில் வலி கேட்கிறது, மற்றவருக்கு வெறும் எண்.

"அம்மாவின் மெஷினை எடைபோட்டு வாங்கினார்கள்." இது செய்தி.

"அம்மாவின் மெஷினை எடைபோட்டுத்தான் வாங்கினார்கள்." இது வலி.

இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு "தான்". வேறு எப்படியாவது வாங்குவார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள், இதில் தைத்தது யார் என்று கேட்பார்கள் என்று வீட்டில் எதிர்பார்த்திருந்தார்கள், அது நடக்கவில்லை என்பது முழுவதும் அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது. "மனம் உடைந்தது" என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு வந்திருக்காது. தான், கூட, மட்டும், "அம்மாவும்" என்பதில் வரும் உம், இவற்றை எல்லாம் நாம் பேச்சில் இயல்பாகப் போடுவோம். எழுத உட்கார்ந்ததும் பிழையோ என்று அஞ்சி எடுத்துவிடுவோம். முதல் வரியைச் சரிபார்க்கும்போது நான் முதலில் இவற்றைத்தான் தேடுவேன்.

அதே நேரம் ஒரு வரியில் ஒன்று போதும். "எடைபோட்டுத்தானே வாங்கிக்கொண்டு போனார்களே" என்றால் ஒப்பாரி ஆகிவிடும்.

கணேசன், ராஜபாளையம் · புதன், பிற்பகல் 12.40

47 குறி. ஒரு நடைமுறைச் செய்தி: வரி இவ்வளவு சிறிதாக இருந்தால் அடுத்த வாக்கியமும் பாதி வெளியே தலைகாட்டும். அது "காயலான் கடைக்காரர் காலை பத்து மணிக்கு…" என்று இருந்தால் முதல் வரியின் வேகம் குறைந்துவிடும். முதல் வரிக்குப் பிறகு என்டர் தட்டி ஒரு வரி வெற்றாக விட்டுப் பாருங்கள். என் கைப்பேசியில் முதல் வரி மட்டும் தனியாக நிற்கிறது. என் மனைவியின் கைப்பேசியில் நிற்கவில்லை, இரண்டு சொல் எட்டிப் பார்க்கிறது. ஆகவே அடுத்த வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லையும் யோசித்தே வையுங்கள். "ஓட்டிப் பார்க்கவில்லை" என்று தொடங்கினால் எட்டிப் பார்த்தாலும் கெடுதல் இல்லை.

புள்ளிப் புள்ளியாக ஐந்து வரி இட்டு எழுத்தைக் கீழே தள்ளும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கண் தெரியாதவர்களுக்குக் கைப்பேசி வாசித்துக் காட்டும்போது அவை எல்லாம் குறுக்கே வரும். எங்கள் மருத்துவமனைக்கு வரும் ஒருவர் சொல்லித்தான் நான் நிறுத்தினேன்.

அன்பு, அரியலூர் · புதன், மாலை 6.00

அக்கா, போடுவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். நான் அப்பாவுக்குக் காட்டாமல் போட்டேன்.

வளர்மதி, கும்பகோணம் · வியாழன், காலை 9.20

அன்பு தம்பி சொன்னபடி நேற்று இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எடைபோட்டுத்தான் வாங்கினார்கள்" என்று தொடங்கினேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பலகையை எடைபோடவில்லையே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மெஷின் தலை உட்காரும் தேக்குப் பலகையைக் கழற்றிவிட்டு இரும்பை மட்டும்தான் கடைக்காரர் எடைபோட்டிருக்கிறார். மரம் அவருக்கு வேண்டாம், வேண்டுமானால் சும்மா கொடுங்கள் என்றாராம். அம்மா கொடுக்க மறுத்துவிட்டார். நான் வண்டிக்கு வழிகாட்டத் தெருவில் இருந்தபோது நடந்தது இது. பலகை அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு மாதமாக இருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. இழுத்துப் பார்த்தோம். அம்மாவின் இடது முழங்கை ஊன்றும் இடத்தில் பாலிஷ் போய், உள்ளங்கை அளவுக்குக் குழிந்து வழவழப்பாக இருந்தது.

முதல் வரியை மாற்றிவிட்டேன்:

"இரும்பை எடைபோட்டுக் கொடுத்தோம். பலகையை அம்மா கொடுக்கவில்லை."

கணேசன் அண்ணா, எண்ணிவிட்டேன், 59. "இல்லை" இந்தப் பக்கம் இருக்கிறது, அன்பு. காலைக் கடைசியிலேயே விட்டுவிட்டேன்.

நிலாமுற்றம் · வியாழன், காலை 9.48

எனக்கு இன்னும் கால்தான் முதலில் வர வேண்டும். ஆனால் பலகையைப் படித்ததும் ஒரு நிமிடம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

கோதண்டம் · வியாழன், காலை 10.30

"இரும்பு", "பலகை" என்று கேட்டால் எதன் இரும்பு, எதன் பலகை என்று முதலில் விளங்காது. நான்கு தடத்தைப் பார்த்துவிட்டுக் கட்டில் என்றும் நினைக்கலாம். "மெஷின் இரும்பை" என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தால் ஓசை கொஞ்சம் தடுக்கும், தெரிந்தே சொல்கிறேன். எனக்கே இதில் இரண்டு மனம்.

"தான்" போய்விட்டது பரவாயில்லை. இப்போது அந்த வேலையை இரண்டாவது வாக்கியம் செய்கிறது.

போட்ட பிறகு இதயக் குறிகளை எண்ணாதீர்கள். வருகிற கருத்துகளில் யாராவது பாபின் டப்பாவைப் பற்றியோ காலைப் பற்றியோ பேசுகிறார்களா என்று பாருங்கள். அவை 'மேலும்' தாண்டினால்தான் கண்ணில் படும். அவற்றைச் சொன்னவர்கள் உள்ளே வந்தவர்கள்.

வளர்மதி, கும்பகோணம் · ஞாயிறு, இரவு 8.15

வெள்ளிக்கிழமை மாலை போட்டேன். "மெஷின்" சேர்க்கவில்லை ஐயா, சேர்த்துப் படித்தபோது அம்மாவுக்கு ஓசை பிடிக்கவில்லை. எதன் பலகை என்று இரண்டு பேர் கேட்டார்கள், நீங்கள் சொன்னபடியே.

பதினோரு பேர் பாபின் டப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தங்கள் வீட்டு டப்பா எந்த பிஸ்கட்டுடையது என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். காலைப் பற்றி மூன்று பேர். அதில் ஒருவர் வீடு விற்பனைக்கா என்று கேட்ட அதே தோழி. "நாளைக்கு வருகிறேன், அம்மாவிடம் சொல்" என்று மட்டும் எழுதியிருந்தாள். நேற்று வந்தாள். பள்ளிக்கூடத்து நாட்களில் அவளுக்கு அம்மா தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடையைக் கொண்டுவந்து கட்டிலின் மேல் விரித்தாள்.